ஒரு நீர் இறைக்கும் இயந்திரமும் அதன் கைநூலும்
பலர் கையில் மாறும் இயந்திரத்துக்குப் பயன்பாட்டுக் குறிப்பை மீள எழுதும் முறை

“இயந்திரத்தை நீர்மட்டத்துக்கு இயன்றளவு கிட்ட வைக்கவும்.”

நீர் இறைக்கும் இயந்திரங்களுடன் வரும் கைநூல்களில் இந்தக் கருத்தில் ஒரு வசனம் காணப்படுவது வழக்கம். அதில் உண்மையும் உண்டு. பம்பு தண்ணீரை உறிஞ்சுகிறது என்று நாம் சொன்னாலும், தண்ணீரைக் குழாய் வழியே மேலே தள்ளுவது வெளிக்காற்றின் அமுக்கமே. அந்த அமுக்கத்தால் தண்ணீரை ஏறக்குறைய 10 மீற்றருக்கு மேல் உயர்த்த முடியாது. நடைமுறையில் 7 மீற்றர், அதாவது 23 அடி, என்பதே எல்லை. ஆகவே பம்பு தண்ணீருக்குக் கிட்ட இருப்பது நல்லது என்று கைநூல் சொல்கிறது.

ஆனால் ஆவணி மாதத்தில் தண்ணீர் கீழே போன ஒரு கிணற்றின் ஓரத்தில் நின்று இந்த வசனத்தை வாசிக்கும் ஒருவர் என்ன செய்வார்? கயிறு கட்டி இயந்திரத்தைக் கிணற்றுக்குள் இறக்கி, உள்படியில் வைத்து இயக்குவார். கைநூல் சொன்னதைத்தான் அவர் செய்கிறார். இயந்திரத்தின் புகையில் காபன் மொனொக்சைட்டு என்னும் நச்சு வாயு உண்டு. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. காற்றோட்டமற்ற கிணற்றுக்குள் அது சேர்ந்துவிட்டால், இறங்கியவர் மயங்கி விழுவார். அவரைத் தூக்க இறங்குபவரும் விழுவார். அதே கைநூலின் கடைசிப் பக்கத்தில் “மூடிய இடத்தில் இயக்கக் கூடாது” என்றும் எழுதியிருக்கலாம். மேலே திறந்திருக்கும் கிணற்றை மூடிய இடம் என்று யார் நினைப்பார்?

இங்கே வாசித்தவர் மீது பிழை இல்லை. வசனத்தில்தான் பிழை. இடம்பெயர்ந்து வந்து புதிய காணியில் தோட்டம் செய்யும் குடும்பங்களுக்கும், திரும்பிச் சென்று பழைய கிணற்றைத் துப்புரவாக்கும் குடும்பங்களுக்கும் பெரும்பாலும் ஐந்தாறு வீட்டுக்கு ஒரு இயந்திரமே கிடைக்கிறது. அதை நன்றாக அறிந்தவர் ஒருவர் இருந்தால், மற்றவர்கள் அவரைக் கேட்டே இயக்குவார்கள். அவர் இல்லாத நாளில் கடதாசியே பேச வேண்டும். அந்தக் கடதாசியை எப்படித் திருத்தி எழுதுவது என்பதை ஓர் உதாரணத்துடன் பார்ப்போம்.

நாம் எடுத்துக்கொள்வது பெற்றோலில் இயக்கத் தொடங்கி, பின்பு மண்ணெண்ணெய்க்கு மாற்றும் சிறிய இயந்திரம். கீழே உள்ள பந்தி எந்த நிறுவனத்தின் கைநூலிலிருந்தும் எடுத்ததல்ல. இத்தகைய கைநூல்களில் காணக்கூடிய குறைகளை ஒரே இடத்தில் சேர்த்து நாமே எழுதிய மாதிரி.

பழைய பந்தி

“இயந்திரத்தை நீர்மட்டத்துக்கு இயன்றளவு கிட்ட வைத்துக் குழாய்களைப் பொருத்தவும். எண்ணெய் மட்டத்தைப் பார்த்து, குறைவாயின் நிரப்பவும். வால்வைத் திறந்து, சோக்கை மூடி, கயிற்றை இழுக்கவும். இயந்திரம் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றவும். இயக்குவதற்கு முன்னர் மூடியைக் கழற்றிப் பம்பில் நீர் நிரப்பியிருத்தல் வேண்டும். நீர் வராவிடின் மீண்டும் நிரப்பவும். நிறுத்துவதற்கு 5 நிமிடத்துக்கு முன்னர் பெற்றோலுக்கு மாற்றவும். நீரின்றி இயக்கினால் சீல் பழுதடையும். மூடிய இடத்தில் இயக்கக் கூடாது.”

இதில் பொய் என்று ஒரு சொல்லும் இல்லை. பழகியவர் வாசித்தால் எல்லாம் விளங்கும். பழகாதவர் இதைப் பின்பற்றினால் இயந்திரமும் கெடும், ஆளுக்கும் ஆபத்து வரும்.

முதல் வேலை: ஒரு பொருளுக்கு ஒரு பெயர்

எழுத உட்காருமுன் இயந்திரத்தின் முன் உட்காருங்கள். கை படும் ஒவ்வொரு பாகத்தையும் தொட்டு, அதற்கு ஒரு பெயரை எழுதுங்கள். அதன் பின் அந்தப் பெயரை மாற்றவே கூடாது. கட்டுரை எழுதும்போது ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்தால் ஆசிரியர் திருத்துவார். குறிப்பில் அது திரும்ப வருவதே நல்லது. ஓரிடத்தில் “பிடி” என்றும் இன்னோரிடத்தில் “கைபிடி” என்றும் எழுதினால், வாசிப்பவர் இரண்டு பாகங்களைத் தேடுவார்.

பழைய பந்தியில் மூன்று சொற்கள் ஆபத்தானவை. முதலாவது “எண்ணெய்”. நம் பேச்சில் மண்ணெண்ணெயும் எண்ணெய்தான், இயந்திரத்தின் உள்ளே ஊற்றும் ஒயிலும் எண்ணெய்தான். “எண்ணெய் குறைவாயின் நிரப்பவும்” என்றதைப் பார்த்து, ஒயில் ஊற்றும் துவாரத்தில் மண்ணெண்ணெயை ஊற்றிவிட்டால், ஒயில் நீர்த்துப்போய் உள்பாகங்கள் உராய்ந்து இறுகிவிடும். ஆகவே “எண்ணெய்” என்ற தனிச் சொல்லை முற்றாக விட்டுவிட்டு, ஒயில், பெற்றோல், மண்ணெண்ணெய் என்ற மூன்று பெயர்களை மட்டும் பாவிப்போம்.

இரண்டாவது “வால்வு”. கிணற்றுக்குள் இருக்கும் புட்வால்வும் வால்வு, எரிபொருளைத் திறப்பதும் வால்வு. முன்னையதைப் “புட்வால்வு” என்றும், பின்னையதை “எரிபொருள் திருகுபிடி” என்றும் பிரிப்போம். மூன்றாவது “மூடி”. இயந்திரத்தில் பெற்றோல் தொட்டிக்கும், மண்ணெண்ணெய்த் தொட்டிக்கும், ஒயில் துவாரத்துக்கும், பம்பில் நீர் ஊற்றும் வாய்க்கும் தனித்தனி மூடிகள் உள்ளன. எந்த மூடி என்று ஒவ்வொரு முறையும் முழுப்பெயர் சொல்ல வேண்டும்.

பெயரால் மட்டும் தீராத ஒரு சிக்கல் சோக்கில் இருக்கிறது. “சோக்கை மூடவும்” என்றால் காற்று வரும் வழியை மூடி, எரிபொருள் கூடுதலாகப் போகச் செய்வது என்று மெக்கானிக்குக்குத் தெரியும். சோக்கையே பாவித்தறியாதவர் “மூடு” என்றால் “வேண்டாம், நிறுத்து” என்று எடுத்துக்கொள்வார். “இடப்பக்கம் தள்ளு” என்றாலும் இயந்திரத்தின் எந்தப் பக்கத்தில் நின்று என்ற கேள்வி வரும். இதற்கு வழி மிகச் சுலபம். சோக் பிடி குளிர்ந்த இயந்திரத்தைத் தொடக்கும்போது நிற்க வேண்டிய இடத்தில் ஒரு சிவப்புப் புள்ளியும், ஓடும்போது நிற்க வேண்டிய இடத்தில் ஒரு வெள்ளைப் புள்ளியும் பூச்சால் இடுங்கள். குறிப்பில் நிறத்தைச் சொன்னால் போதும். எரிபொருள் திருகுபிடிக்கும் இப்படியே பெற்றோல், மண்ணெண்ணெய், பூட்டு என்று மூன்று இடங்களையும் அடையாளமிடலாம்.

இரண்டாவது வேலை: செய்யும் ஒழுங்கில் எழுதுதல்

பழைய பந்தியை ஒரு கடதாசியில் பிரதிசெய்து, ஒவ்வொரு செயலையும் தனித் துண்டாக வெட்டுங்கள். “திறந்து, மூடி, இழுக்கவும்” என்று தமிழில் வினையெச்சங்களைக் கோத்துக்கொண்டே போகலாம். ஒரு வசனத்துக்குள் மூன்று செயல்கள் ஒளிந்திருப்பது நமக்குத் தெரிவதில்லை. வாசிப்பவர் முதலாவதைச் செய்துவிட்டுக் கடதாசிக்குத் திரும்பும்போது எங்கே விட்டார் என்று தேடுவார். ஒரு படியில் ஒரு செயல் என்பதே விதி.

துண்டுகளை வெட்டியதும் “முன்னர்” என்ற சொல் வரும் இடங்களுக்குக் கோடிடுங்கள். பழைய பந்தியில் கயிற்றை இழுக்கும்படி சொல்லி, மண்ணெண்ணெய்க்கு மாற்றும்படி சொல்லி, அதன் பின்பே “இயக்குவதற்கு முன்னர் நீர் நிரப்பியிருத்தல் வேண்டும்” என்று வருகிறது. வரி வரியாகச் செய்துகொண்டு வருபவர் அந்த வரிக்கு வரும்போது பம்பு உலர்ந்தபடி சுழன்றுகொண்டிருக்கும். பம்பின் சுழலும் தண்டைச் சுற்றி நீர் கசியாமல் தடுக்கும் சீல், நீரால்தான் குளிர்கிறது. நீரில்லாமல் ஓடினால் அது சூடேறிக் கருகும். பின்பு காற்று உள்ளே வரும், பம்பு நீரை எடுக்காது. “முன்னர்” என்ற சொல் இருக்கும் துண்டை அது சேர வேண்டிய இடத்துக்கு நகர்த்துங்கள். நகர்த்திய பின் அந்தச் சொல்லே தேவைப்படாது.

எச்சரிக்கைகளும் இப்படியே. “சீல் பழுதடையும்” என்ற வரி கடைசியில் இருப்பதால் யாருக்கும் பயனில்லை. எந்தப் படியில் ஆபத்து இருக்கிறதோ, அந்தப் படிக்கு மேலே அதை வைக்க வேண்டும்.

மூன்றாவது வேலை: இரு பொருள் தரும் வசனங்களைத் தீர்த்தல்

ஒவ்வொரு துண்டையும் எடுத்து, “இதை வேறு விதமாக விளங்கிக்கொள்ள முடியுமா?” என்று கேளுங்கள். “நிறுத்துவதற்கு 5 நிமிடத்துக்கு முன்னர் பெற்றோலுக்கு மாற்றவும்” என்பதை எடுங்கள். எப்போது நிறுத்துவோம் என்று முன்கூட்டியே தெரியாதவர் என்ன செய்வார்? பெற்றோலுக்கு மாற்றிவிட்டு உடனே நிறுத்துபவரும் உண்டு. இந்தப் படியின் காரணம் இதுதான். இயந்திரம் குளிர்ந்தபின் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது, அதனால் தீப்பற்றாது. காபரேற்றரின் கிண்ணத்தில் மண்ணெண்ணெய் மிஞ்சியிருந்தால் மறுநாள் எவ்வளவு இழுத்தாலும் இயந்திரம் பிடிக்காது. 1990ஆம் ஆண்டுக்குப் பின் வடக்கில் பெற்றோல் தடைசெய்யப்பட்டிருந்த காலத்தில், சில துளி பெற்றோலை விட்டுத் தொடக்கி மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆகவே அந்த வரியை இரண்டு படியாக்குவோம்: பெற்றோலுக்கு மாற்றவும், அப்படியே 5 நிமிடம் ஓட விடவும்.

இதை எழுதும்போது பழைய பந்தி சொல்லாமல் விட்ட ஒன்றும் தெரியவருகிறது. நிறுத்தும்போதும் பெற்றோல் வேண்டும். தொடக்கத்திலேயே இருந்த பெற்றோல் முழுவதையும் எரித்துவிட்டால் கடைசிப் படியைச் செய்ய முடியாது. ஆகவே இரண்டு முறைக்கும் போதுமான பெற்றோலை ஊற்றச் சொல்லும் படி ஒன்று தொடக்கத்தில் வேண்டும்.

“சூடானதும்”, “குறைவாயின்”, “நீர் வராவிடின்” போன்ற சொற்களுக்கு அளவோ கண்ணால் காணும் அடையாளமோ தேவை. எத்தனை நிமிடம், எந்தக் கோட்டுக்குக் கீழே, எவ்வளவு நேரம் பொறுத்த பின் என்று எழுத வேண்டும். “நீர் வராவிடின் மீண்டும் நிரப்பவும்” என்பதில் இயந்திரத்தை முதலில் நிறுத்த வேண்டும் என்பதே இல்லை. சூடேறிய பம்பின் மூடியைத் திறந்தால் கொதிநீர் கையில் தெறிக்கும். சூடான சீலில் குளிர்ந்த நீர் பட்டால் அது வெடிக்கவும் கூடும். எனவே நிறுத்துதல், ஆறவிடுதல், பின்பு திறத்தல் என்று அந்த ஒரு வரி விரிகிறது.

முதலில் பார்த்த “இயன்றளவு கிட்ட” என்ற சொல்லையும் இப்போது தீர்க்கலாம். இயந்திரம் எங்கே இருக்க வேண்டும் என்றும், தண்ணீர் எவ்வளவு ஆழம் வரை இருக்கலாம் என்றும் இரண்டாகப் பிரித்து எழுதினால் போதும். ஆழம் என்பது நேர் கீழான உயரம்; குழாயின் நீளம் அல்ல.

திருத்திய குறிப்பு

அ. வைத்தல்

எச்சரிக்கை: இயந்திரத்தை ஒருபோதும் கிணற்றுக்குள் இறக்க வேண்டாம். வீட்டுக்குள்ளோ கொட்டிலுக்குள்ளோ இயக்க வேண்டாம். புகை ஆளைக் கொல்லும்.

1. இயந்திரத்தைக் கிணற்றுக்கு வெளியே, கிணற்றுக் கட்டிலிருந்து 1 மீற்றர் தள்ளி, மட்டமான நிலத்தில் வைக்கவும்.
2. அந்த நிலமட்டத்திலிருந்து நீர்மட்டம் வரை உள்ள ஆழத்தைக் கல் கட்டிய கயிற்றால் அளக்கவும். 7 மீற்றருக்கு மேலாயின் இந்த இயந்திரத்தால் இறைக்க முடியாது. இத்துடன் நிறுத்தவும்.
3. உறிஞ்சு குழாயின் கீழ்முனையில் புட்வால்வைப் பூட்டவும்.
4. உறிஞ்சு குழாயின் மேல்முனையை, றப்பர் வளையம் இருப்பதைப் பார்த்து, பம்பில் இறுகப் பூட்டவும்.
5. புட்வால்வு முழுதாக நீரில் அமிழும்படியும், அடிச் சேற்றில் முட்டாதபடியும் உறிஞ்சு குழாயைக் கிணற்றுக்குள் விடவும்.
6. வெளியேற்று குழாயைப் பம்பில் பூட்டவும்.

ஆ. நிரப்புதல்

எச்சரிக்கை: இயந்திரம் ஓடும்போதோ சூடாக இருக்கும்போதோ இந்தப் பகுதியைச் செய்ய வேண்டாம்.

7. ஒயில் மூடியைக் கழற்றி, அதிலுள்ள அளவுக்கோலால் ஒயில் மட்டத்தைப் பார்க்கவும். கீழ்க்கோட்டுக்குக் குறைவாயின், மேல்கோடு வரை ஒயில் ஊற்றவும்.
8. ஒயில் மூடியைப் பூட்டவும்.
9. சிறிய தொட்டியில் பெற்றோல் ஊற்றவும். தொடக்குவதற்கும் நிறுத்துவதற்கும் போதுமானதாக இருக்க வேண்டும்.
10. பெரிய தொட்டியில் மண்ணெண்ணெய் ஊற்றவும்.
11. பம்பின் நீர் மூடியைக் கழற்றவும்.
12. நீர் வாய் வரை வந்து நிற்கும் மட்டும் ஊற்றவும்.
13. 2 நிமிடம் பார்த்திருக்கவும். நீர் கீழே இறங்கினால் புட்வால்வில் குப்பை இருக்கிறது அல்லது அது தேய்ந்திருக்கிறது. புட்வால்வை வெளியே எடுத்துக் கழுவி, படிகள் 5, 12, 13 ஆகியவற்றை மீண்டும் செய்யவும்.
14. நீர் இறங்காவிட்டால் நீர் மூடியை இறுகப் பூட்டவும்.

இ. இயக்குதல்

எச்சரிக்கை: பம்பில் நீரில்லாமல் இயக்கினால் சீல் கருகும்.

15. எரிபொருள் திருகுபிடியைப் “பெற்றோல்” அடையாளத்துக்குத் திருப்பவும்.
16. இயந்திரம் குளிர்ந்திருந்தால் சோக் பிடியைச் சிவப்புப் புள்ளியில் வைக்கவும். சூடாக இருந்தால் வெள்ளைப் புள்ளியில் வைக்கவும்.
17. சுவிட்சைப் போடவும்.
18. கயிற்றை இறுக்கம் தெரியும் வரை மெதுவாக இழுத்து, அங்கிருந்து விரைவாக இழுக்கவும்.
19. இயந்திரம் ஓடத் தொடங்கியதும் சோக் பிடியைச் சிறிது சிறிதாக வெள்ளைப் புள்ளிக்குக் கொண்டுவரவும்.
20. வெளியேற்று குழாயைப் பார்க்கவும். 2 நிமிடத்துக்குள் நீர் வராவிட்டால் சுவிட்சை நிறுத்தவும். பம்பு கையால் தொடக்கூடிய அளவுக்கு ஆறிய பின் படி 11இலிருந்து செய்யவும்.
21. ஓடத் தொடங்கி 5 நிமிடம் ஆனதும் எரிபொருள் திருகுபிடியை “மண்ணெண்ணெய்” அடையாளத்துக்குத் திருப்பவும்.

ஈ. நிறுத்துதல்

22. எரிபொருள் திருகுபிடியைப் “பெற்றோல்” அடையாளத்துக்குத் திருப்பவும்.
23. 5 நிமிடம் ஓட விடவும்.
24. சுவிட்சை நிறுத்தவும்.
25. எரிபொருள் திருகுபிடியைப் “பூட்டு” அடையாளத்துக்குத் திருப்பவும்.

ஒன்பது வரி இருபத்தைந்து படியாகிவிட்டதே என்று சிலர் சொல்லக்கூடும். ஆனால் வேலை கூடவில்லை. இயக்குபவர் முன்பும் இத்தனை செயலையும் செய்தே இருக்க வேண்டும். முன்பு எழுதாமல் விட்டவை இப்போது எழுத்தில் வந்திருக்கின்றன, அவ்வளவுதான்.

நான்காவது வேலை: பேசாமல் பார்த்திருத்தல்

எழுதியவருக்குத் தன் எழுத்தில் உள்ள ஓட்டை தெரியாது. விடுபட்டதை அவருடைய மனமே நிரப்பிவிடும். எனவே இயந்திரத்தை ஒருபோதும் இயக்காத, ஆனால் வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டுக் கடதாசியைக் கொடுங்கள். நீங்கள் அருகில் நில்லுங்கள். வாய் திறக்க வேண்டாம். ஆபத்து வந்தால் மட்டும் சுவிட்சை நிறுத்துங்கள். அவருடைய கை எங்கே தயங்குகிறது, எந்த வரியை இரண்டு தரம் வாசிக்கிறார், எந்த இடத்தில் உங்களை நிமிர்ந்து பார்க்கிறார் என்று படி இலக்கத்துக்கு நேரே ஒரு கோடு போடுங்கள். அவர் நிமிர்ந்து பார்க்கும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு சொல் குறைகிறது. அங்கே வாயால் விளக்கம் சொல்லிவிட்டால் அன்று இயந்திரம் ஓடும், ஆனால் கடதாசி திருந்தாது.

திருத்திய பின் அவரிடமே திரும்பக் கொடுப்பதில் பயனில்லை. அவர் இப்போது பழகிவிட்டார். வேறொருவர் வேண்டும். இரண்டு பேர் தடையின்றி 1ஆம் படியிலிருந்து 25ஆம் படி வரை வந்துவிட்டால் குறிப்பு பாவனைக்கு உகந்தது.

கவனிக்க வேண்டிய எல்லை

மேலே உள்ள குறிப்பை அப்படியே பிரதிசெய்து வேறு இயந்திரத்தில் தொங்கவிட வேண்டாம். நிமிடக் கணக்கும் ஒயில் வகையும் இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும். ஒயில் அளவுக்கோலைத் திருகாமல் நுழைத்துப் பார்க்க வேண்டிய இயந்திரங்களும் உண்டு, திருகிப் பார்க்க வேண்டியவையும் உண்டு. இரண்டையும் மாற்றிச் செய்தால் அளவு பிழைக்கும். உங்கள் இயந்திரத்தின் கைநூலிலுள்ள அளவுகளை எடுத்து, இங்கே சொன்ன ஒழுங்கில் எழுதுங்கள். கைநூல் தொலைந்திருந்தால் அந்த வகையைப் பழுதுபார்க்கும் மெக்கானிக்கிடம் கேட்டு எழுதுங்கள்.

முடிந்ததும் பெரிய எழுத்தில் ஒரே பக்கத்தில் எழுதி, பொலித்தீன் உறையிலிட்டு, இயந்திரத்தின் சட்டத்தில் கம்பியால் கட்டிவிடுங்கள். ஒரு பாகத்தை மாற்றினாலோ புதிய பிடி பூட்டினாலோ கடதாசியையும் அன்றே மாற்றுங்கள். பழைய கடதாசியைக் கிழித்துவிடுங்கள். ஒரே இயந்திரத்தில் இரண்டு குறிப்புகள் தொங்கினால், வாசிப்பவர் எதை நம்புவது என்று தெரியாமல் நிற்பார்.